சோதனையாளரின் ரெஸ்யூமே சம்மரி: எத்தனை டெஸ்ட் கேஸ் ஓட்டினேன் என்று எழுதுவதா, அதனால் என்ன மாறியது என்று எழுதுவதா?

மாரண்டஹள்ளி_பயணி | 2 மார்ச் 2025, இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி என் ஊர். ஓசூரில் அறை எடுத்துத் தங்கி, அத்திப்பள்ளி வழியாக நாள்தோறும் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வருகிறேன். வாகனக் கடன் தவணைகளை வசூலிக்கும் ஒரு மென்பொருளில் ஐந்து ஆண்டுகளாகச் சோதனையாளராக இருக்கிறேன். வேறு வேலை தேடத் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆகின்றன. ஏறக்குறைய நாற்பது இடங்களுக்கு விண்ணப்பித்ததில் இரண்டு இடங்களிலிருந்து மட்டுமே அழைப்பு வந்தது.

என் ரெஸ்யூமேயின் தலைப்பகுதியில் உள்ள சம்மரி ஆங்கிலத்தில் இருக்கிறது. அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்: "மென்பொருள் சோதனையில் ஐந்து ஆண்டு அனுபவம். 1,850 டெஸ்ட் கேஸ்கள் எழுதி ஓட்டியுள்ளேன். 312 பக்குகளைப் பதிவு செய்துள்ளேன். செலினியம், ஜாவா, ஜென்கின்ஸ், ஜிரா ஆகியவற்றில் பயிற்சி உண்டு. ரிக்ரஷன், ஸ்மோக், ஏபிஐ சோதனைகளைச் செய்துள்ளேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அழைத்த இரண்டு இடங்களில் ஒன்றில், எதிரே உட்கார்ந்திருந்தவர் இந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "1,850 ஓட்டினீர்கள், சரி. அதனால் உங்கள் குழுவுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கேட்ட கேள்வி நியாயமானது என்பது பேருந்தில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. இதை எப்படி மாற்றி எழுதுவது?

---

தொப்பூர்_வளைவு | 2 மார்ச், இரவு 10:15

தம்பி, ஓசூரில் ஆள் தேடித் தரும் அலுவலகம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ரெஸ்யூமேயை முதலில் பார்ப்பது ஆள் அன்று, தேடல் பெட்டி. "செலினியம், ஜாவா, ஏபிஐ" என்று தட்டினால் உங்கள் பெயர் மேலே வர வேண்டும், அவ்வளவுதான். எனவே கருவிகளின் பெயர்களை எடுத்துவிடாதீர்கள், இன்னும் நாலு சேருங்கள். அதோடு சதவீதம் ஒன்று போடுங்கள். "ரிக்ரஷன் நேரத்தை 90 சதவீதம் குறைத்தேன்" என்று ஒரு வரி இருந்தால் கண்ணில் படும். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

---

மாங்கூழ்_தரம் | 3 மார்ச், காலை 6:30

வணக்கம். நான் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் தரப்பிரிவில் இருக்கிறேன். பெங்களூரா மாம்பழக் கூழின் சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸ், அமிலத்தன்மை ஆகியவற்றைப் பார்ப்பது என் வேலை. என் ரெஸ்யூமேயிலும் "ஒரு பருவத்தில் இத்தனை மாதிரிகளைச் சோதித்தேன்" என்றுதான் இருக்கிறது. நானும் மாற்ற வேண்டுமா? பிரிக்ஸ் 14-க்குக் கீழே போன தொட்டிகளை நான் நிறுத்தி வைத்ததைப் போடலாமா?

---

அரூர்க்காரி | 3 மார்ச், காலை 7:05

மாங்கூழ் அண்ணா, இந்த இழை மென்பொருள் சோதனையாளரைப் பற்றியது. ஆயினும் நீங்கள் கடைசியாகக் கேட்டதைக் கட்டாயம் போடுங்கள். நிறுத்தி வைத்த தொட்டிக்கு என்ன ஆயிற்று, வேறு தொட்டியுடன் கலந்து சரிசெய்தார்களா, கழித்தார்களா என்பதையும் சேர்த்துச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. அதற்குமேல் உங்கள் துறை எனக்குத் தெரியாது.

மாரண்டஹள்ளித் தம்பிக்கு: நான் பதினான்கு ஆண்டுகளாகச் சோதனைத் துறையில் இருக்கிறேன், இப்போது ஒரு குழுவை நடத்துகிறேன், நேர்காணல்களிலும் உட்காருகிறேன். தேடல் பெட்டியைப் பற்றித் தொப்பூர்க்காரர் சொன்னது உண்மை. ஆனால் தேடல் பெட்டி முழுத் தாளையும் படிக்கும். கருவிகளின் பெயர்கள் கீழே திறன்கள் பகுதியில் இருந்தாலே அதற்குப் போதும். சம்மரியின் நான்கு வரிகளை மனிதர்தான் படிக்கிறார். அங்கே கருவிப் பட்டியல் வைப்பது, வீட்டு வாசலில் நின்றுகொண்டு சமையல் பாத்திரங்களின் பெயர்களைச் சொல்வது போல இருக்கிறது.

1,850, 312 என்ற இரண்டு எண்களும் எனக்கு எதையும் சொல்வதில்லை. 312 பக்குகளில் எழுத்துப்பிழை எத்தனை, பணம் தவறாகக் கணக்கிடப்பட்டது எத்தனை, "இது பக் அன்று" என்று மூடப்பட்டது எத்தனை என்பது எனக்குத் தெரியாது. மோசமான மென்பொருளில் யார் உட்கார்ந்தாலும் 312 கிடைக்கும்.

எனவே முதலில் எழுத வேண்டாம், எண்ணுங்கள். மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் தாருங்கள். ஒன்று, ரிலீஸுக்கு முன் செய்யும் ரிக்ரஷன் சோதனைக்கு முன்னெல்லாம் எத்தனை நாள் ஆனது, இப்போது எத்தனை நாள் ஆகிறது? இரண்டு, உங்களைத் தாண்டிப் புரொடக்ஷனுக்குப் போன பக்குகள் எத்தனை? மூன்று, நீங்கள் பிடித்திராவிட்டால் யாருக்காவது உண்மையிலேயே தொல்லை நேர்ந்திருக்கும் என்று சொல்லக்கூடிய ஒரே ஒரு பக் எது?

---

மாரண்டஹள்ளி_பயணி | 4 மார்ச், இரவு 10:20

அக்கா, மிக்க நன்றி. இன்று மதிய இடைவேளையில் உட்கார்ந்து எண்ணினேன்.

முதல் கேள்விக்கு: 2023 கடைசி வரை 420 டெஸ்ட் கேஸ்களை இரண்டு பேர் மூன்று நாள் கையால் ஓட்டினோம். அவற்றில் 260-ஐ நான் ஆட்டோமேஷனுக்கு மாற்றினேன். இப்போது அவை இரவில் ஜென்கின்ஸில் ஓடி 1 மணி 50 நிமிடத்தில் முடிகின்றன. ஆக, மூன்று நாள் வேலை இரண்டு மணி நேரமாகிவிட்டது என்று எழுதலாம் அல்லவா?

இரண்டாவது கேள்விக்கு: 2024-இன் முதல் ஆறு மாதங்களில் புரொடக்ஷனில் வந்தவை 14, அடுத்த ஆறு மாதங்களில் 13. ஏறக்குறைய மாற்றமே இல்லை. அதனால் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

மூன்றாவதற்கு ஒன்று இருக்கிறது. அதை நாளை விரிவாக எழுதுகிறேன்.

---

தொப்பூர்_வளைவு | 4 மார்ச், இரவு 10:45

பார்த்தீர்களா! மூன்று நாள் இரண்டு மணி நேரமாகியிருக்கிறது. ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 24-லிருந்து 2, 90 சதவீதத்துக்கும் மேல். நான் சொன்னது தானாகவே வந்துவிட்டது. இதை முதல் வரியில் போடுங்கள்.

---

அரூர்க்காரி | 5 மார்ச், காலை 6:50

போட வேண்டாம். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது உடைந்துவிடும். மீதமுள்ள 160 டெஸ்ட் கேஸ்களை யார், எவ்வளவு நேரத்தில் ஓட்டுகிறார்கள்? இரவில் ஓடிய 260-இல் காலையில் எத்தனை சிவப்பாக நிற்கின்றன, அவற்றைப் பார்த்து எது உண்மையான பக், எது ஸ்கிரிப்டின் தடுமாற்றம் என்று பிரிக்க எவ்வளவு நேரம் ஆகிறது?

இரண்டாவது கேள்விக்கு நீங்கள் எப்படி எண்ணினீர்கள்? ஜிராவில் தட்டியதை அப்படியே இங்கே போடுங்கள், திட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். அந்த ஓராண்டில் எத்தனை ரிலீஸ்கள் என்பதையும் சொல்லுங்கள்.

---

மாரண்டஹள்ளி_பயணி | 5 மார்ச், இரவு 9:30

160 டெஸ்ட் கேஸ்கள் இன்னும் கையால்தான் ஓடுகின்றன. இரண்டு பேர், ஒரு நாள். காலையில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை சிவப்பாக நிற்கும். அவற்றில் பெரும்பாலானவை திரை மெதுவாக வந்ததால் தவறியவை. நான் அரை நாள் உட்கார்ந்து பிரிப்பேன். ஆக, ரிலீஸுக்கு முன் ஒன்றரை நாள் ஆகிறது என்பதே உண்மை.

ஜிராவில் நான் தட்டியது இது:

```
project = LOAN AND issuetype = Bug AND "Found In" = Production
AND created >= "2024-07-01" AND created <= "2024-12-31"
AND resolution NOT IN (Duplicate, "Cannot Reproduce")
```

ஜூன் வரை மாதம் ஒரு ரிலீஸ், ஆறு. ஜூலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாறியது, டிசம்பர் வரை பன்னிரண்டு.

---

அரூர்க்காரி | 5 மார்ச், இரவு 10:40

நான் சந்தேகப்பட்ட இடம் இதுதான். அந்த வினவலில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, `NOT IN` என்று எழுதினால், ரெசல்யூஷன் இன்னும் நிரப்பப்படாத பக்குகளையும் ஜிரா கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். அதாவது, புரொடக்ஷனில் வந்து இன்றுவரை திறந்திருக்கும் பக்குகள் உங்கள் கணக்கில் வரவே இல்லை. எண்ணிக்கை அழகாகக் குறைந்து தெரியும், யாருக்கும் சந்தேகமும் வராது. இரண்டாவது, நேரம் குறிப்பிடாத தேதியை ஜிரா அந்த நாளின் நள்ளிரவு 12 மணி என்றே எடுத்துக்கொள்ளும். எனவே டிசம்பர் 31 அன்று பகலில் பதிவானவை விடுபடும். இப்படி மாற்றிப் பாருங்கள்:

```
project = LOAN AND issuetype = Bug AND "Found In" = Production
AND created >= "2024-07-01" AND created < "2025-01-01"
AND (resolution IS EMPTY OR resolution NOT IN (Duplicate, "Cannot Reproduce"))
```

முதல் ஆறு மாதத்துக்கும் இதே முறையில் மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். திரையைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், அது உங்கள் நிறுவனத்தின் தரவு.

---

மாரண்டஹள்ளி_பயணி | 6 மார்ச், இரவு 9:15

எண்ணினேன். முதல் பாதி 14 மாறவில்லை, அவை எல்லாம் மூடப்பட்டவை. இரண்டாம் பாதி 13 இல்லை, 17. நான்கு இன்னும் திறந்திருக்கின்றன. ஆட்டோமேஷன் வந்த பிறகு பக்குகள் கூடியிருக்கின்றன என்று அல்லவா இது சொல்கிறது? இதை எழுதினால் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

---

தொப்பூர்_வளைவு | 6 மார்ச், இரவு 9:40

ரிலீஸ் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள் தம்பி. முன்பு 6 ரிலீஸுக்கு 14, ஒன்றுக்கு 2.3. இப்போது 12 ரிலீஸுக்கு 17, ஒன்றுக்கு 1.4. ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. இதில் பொய்யே இல்லை, கணக்குச் சரி.

---

நிரலாளன்_ஓசூர் | 6 மார்ச், இரவு 11:00

கணக்குச் சரிதான், பொருள்தான் சரியில்லை. நான் நிரல் எழுதுபவன். மாதம் ஒரு ரிலீஸ் இரண்டு வாரத்துக்கு ஒன்றானால் ஒவ்வொரு ரிலீஸிலும் மாறும் நிரல் பாதியாகிவிடும். பாதி நிரல் போனால் பக்கும் பாதியாக இருப்பதுதானே இயல்பு? மாதக் கணக்கில் பார்த்தால் 2.3-லிருந்து 2.8 ஆகக் கூடியிருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பக் குறைந்தால் சோதனையாளர்கள் "நான் குறைத்தேன்" என்று எழுதிக்கொள்கிறார்கள். அதே காலத்தில் நாங்கள் யூனிட் டெஸ்ட் எழுதத் தொடங்கியிருப்போம், ஒருவர் நிரலை மற்றவர் படித்துப் பார்க்கும் வழக்கம் வந்திருக்கும். அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று யார் பிரித்தார்கள்?

---

அரூர்க்காரி | 7 மார்ச், காலை 7:10

நிரலாளர் சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. எனவே அந்த மொத்த எண்ணிக்கையை நாம் சம்மரியிலிருந்து விலக்கிவிடலாம். கூடியதை மறைப்பதற்காக விலக்கவில்லை. அது தம்பியின் வேலையைக் கூட்டியோ குறைத்தோ காட்டும் அளவுகோலே இல்லை என்பதால் விலக்குகிறோம். நேர்காணலில் யாராவது கேட்டால் 14, 17, ரிலீஸ் எண்ணிக்கை மாறியது என்று மூன்றையும் அப்படியே சொல்லிவிட வேண்டும். இப்படி நேராகச் சொன்னவர்களை நான் இரண்டு முறை வேலைக்கு எடுத்திருக்கிறேன்.

ஆனால் மொத்தத்துக்குள் வேறொன்று ஒளிந்திருக்கலாம். தம்பி, அந்த 14-ஐயும் 17-ஐயும் கடுமை வாரியாகப் பிரியுங்கள். குறிப்பாக, தவணைத் தொகையோ தேதியோ தவறியவற்றைத் தனியாக எடுங்கள். நீங்கள் தருவதாகச் சொன்ன அந்த ஒரு பக்கையும் எழுதுங்கள்.

---

மாரண்டஹள்ளி_பயணி | 7 மார்ச், இரவு 10:50

பிரித்தேன் அக்கா. முதல் பாதியில் தவணை, ரசீது தொடர்பான கடுமையான பக்குகள் 5. இரண்டாம் பாதியில் 1. மற்றவை அறிக்கையின் நெடுவரிசை நகர்ந்தது, பொத்தான் நிறம் மாறியது போன்றவை.

அந்த ஐந்தில் நான்கு தேதிக் கணக்கில் வந்தவை. அவை வந்த பிறகு, ஜூலையில் நான் ஒரு வேலை செய்தேன். எங்கள் சோதனைத் தரவில் இருந்த கடன்கள் எல்லாம் 5-ஆம் தேதி, 10-ஆம் தேதி என்று வசதியான நாள்களிலேயே தவணை உள்ளவை. யாரோ ஒரு காலத்தில் உருவாக்கியதை அப்படியே வைத்திருந்தோம். நான் 29, 30, 31 ஆகிய தேதிகளில் தவணை உள்ள கடன்கள், பிப்ரவரியைக் கடந்து போகும் கடன்கள் என்று இருபத்துநான்கு கணக்குகளை உருவாக்கி ஆட்டோமேஷனில் சேர்த்தேன்.

ஆகஸ்டில் தவணைத் தேதிப் பகுதியை மாற்றி எழுதினார்கள். ரிலீஸுக்கு முந்தைய இரவில் அந்த இருபத்துநான்கில் ஏழு சிவப்பாக நின்றன. முதலில் வழக்கமான தடுமாற்றம் என்றுதான் நினைத்தேன். திறந்து பார்த்தால், 31-ஆம் தேதித் தவணைக்காரருக்கு அக்டோபரில் 30-ஆம் தேதி காட்டியது. நிரலில் இருந்தது சுருக்கமாக இதுதான்:

```java
LocalDate d = LocalDate.of(2024, 8, 31);
d.plusMonths(1).plusMonths(1); // 2024-10-30
d.plusMonths(2);               // 2024-10-31
```

ஒவ்வொரு ரசீதும் பதிவாகும்போது, முந்தைய தவணைத் தேதியோடு ஒரு மாதம் கூட்டினார்கள். செப்டம்பருக்கு 30 நாள் என்பதால் தேதி 30-க்கு இறங்குகிறது. அக்டோபரில் அது மறுபடி 31-க்கு ஏறுவதில்லை. வாடிக்கையாளர் 31-ஆம் தேதி பணம் கட்டினால் ஒரு நாள் தாமதம் என்று அபராதம் விழும். கடன் தொடங்கிய தேதியிலிருந்து எண்ணியிருக்க வேண்டும். ரிலீஸ் ஒரு நாள் தள்ளிப்போனது, திருத்திய பிறகே போனது.

எங்கள் 9,400 கணக்குகளில் 29, 30, 31 தேதிகளில் தவணை உள்ளவை 380. "380 வாடிக்கையாளர்களைத் தவறான அபராதத்திலிருந்து காத்தேன்" என்று எழுதலாமா?

---

தொப்பூர்_வளைவு | 7 மார்ச், இரவு 11:20

தம்பி, இதைத்தானே முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்! அபராதம் எவ்வளவு? 450 ரூபாய் என்றால் 380 முறை 450, ஒரு லட்சத்து எழுபத்தோராயிரம். "நிறுவனத்துக்கு 1.71 லட்சம் ரூபாய் மிச்சப்படுத்தினேன்" என்று பணத்தில் போடுங்கள். மேலாளர்களுக்குப் பணம்தான் புரியும்.

---

அரூர்க்காரி | 8 மார்ச், காலை 8:30

சனிக்கிழமை என்பதால் நிதானமாக எழுதுகிறேன்.

தம்பி, இந்தப் பக்தான் உங்கள் சம்மரி. 1,850-ஐயும் 312-ஐயும் தூக்கி எறிந்துவிட்டு இதைச் சுற்றி எழுதுங்கள். ஆனால் 380 என்பதை ஒரு முறை சரிபாருங்கள். அக்டோபரில் யாருக்குத் தேதி நழுவியிருக்கும்? 31-ஆம் தேதிக்காரர்களுக்கு மட்டும்தான். 30-ஆம் தேதிக்காரருக்குச் செப்டம்பரில் ஒன்றும் ஆகாது. 29-க்கும் 30-க்கும் தொல்லை வருவது 2025 பிப்ரவரியைக் கடந்த பிறகு, அதாவது மார்ச் தவணையில். அதற்குள் 31-ஆம் தேதிக்காரர்கள் சண்டைக்கு வந்து, பக் வெளியே தெரிந்து, திருத்தியிருப்பார்கள். எனவே நீங்கள் தடுத்ததாக நேர்மையாகச் சொல்லக்கூடிய எண்ணிக்கை 31-ஆம் தேதிக் கணக்குகளின் எண்ணிக்கைதான். 380 என்று எழுதினால், தேதிக் கணக்குத் தெரிந்த எவரும் அரை நிமிடத்தில் இதைக் கேட்டுவிடுவார். சம்மரியில் அதற்கு விளக்கம் சொல்ல இடமும் கிடையாது.

பணக் கணக்கு வேண்டவே வேண்டாம். தவறாக விழுந்த அபராதத்தை நிறுவனம் திருப்பித் தந்திருக்கும். மிச்சமானது உண்மையில் திருப்பித் தரும் வேலையும், வாடிக்கையாளர் அழைப்புகளும், கெட்ட பெயரும். அவற்றுக்கு யாரும் விலை போட்டுப் பார்க்கவில்லை. உங்கள் நிதிப்பிரிவு ஒரு தொகை கணக்கிட்டு வைத்திருந்தால் மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

5-லிருந்து 1 என்பதைச் சதவீதமாக்கவும் வேண்டாம். "80 சதவீதம் குறைவு" என்றால் எதன் 80 என்று கேட்கத் தோன்றும். "5, பிறகு 1" என்றால் படிப்பவரே அளவைப் பார்த்துக்கொள்வார். எண்கள் சிறியவை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

---

நிரலாளன்_ஓசூர் | 8 மார்ச், காலை 10:00

இந்தப் பக்கில் எனக்கு வாதம் இல்லை. இது சோதனையாளர் பிடித்ததுதான், நாங்கள் எழுதிய யூனிட் டெஸ்டிலும் 15-ஆம் தேதியைத்தான் வைத்திருப்போம். ஆனால் 5 என்பது 1 ஆனதில் அந்தப் பகுதியை மாற்றி எழுதியவருக்கும் பங்கு உண்டு என்று இன்னும் சொல்கிறேன்.

---

அரூர்க்காரி | 8 மார்ச், காலை 10:25

உண்டு. அதனால்தான் வினைச்சொல்லில் கவனம் வேண்டும். மாதக்கடைசித் தரவைச் சேர்த்தது தம்பி, அதற்கு "சேர்த்தேன்" என்று எழுதலாம். கடுமையான பக்குகள் குறைந்ததற்கு "அதன் பின் குறைந்தன" என்று எழுதலாம், "குறைத்தேன்" வேண்டாம். ரிலீஸ் மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு மாறியதை நீங்கள் எழுதவே இல்லையே, தம்பி? அதை முடிவு செய்தது யார்?

---

மாரண்டஹள்ளி_பயணி | 8 மார்ச், மதியம் 1:15

மேலாளர் முடிவு செய்தார். ஏப்ரல் கூட்டத்தில், ரிக்ரஷன் மூன்று நாள் இருக்கும் வரை இரண்டு வார ரிலீஸ் நடக்காது என்று அவரே சொன்னார். அதன் பிறகுதான் நான் மீதி ஸ்கிரிப்டுகளை முடித்தேன். ஆனால் சர்வர் குழுவும் அதே சமயத்தில் நிறுவும் முறையை மாற்றினார்கள். 31-ஆம் தேதிக் கணக்குகளைத் திங்களன்று பார்க்கிறேன்.

---

அரூர்க்காரி | 8 மார்ச், மதியம் 2:00

அப்படியானால் "இரண்டு வார ரிலீஸுக்குத் தடையாக இருந்த ரிக்ரஷன் நேரத்தை மூன்று நாளிலிருந்து ஒன்றரை நாளாக்கினேன்" என்று எழுதுங்கள். இதில் சர்வர் குழுவின் பங்கை நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றரை நாள் என்பது 90 சதவீதத்தைப் போலக் கண்ணைப் பறிக்காது, ஆனால் எந்தக் கேள்விக்கும் நிற்கும். திரை மாறும்போதெல்லாம் ஸ்கிரிப்டுகளைத் திருத்த எவ்வளவு நேரம் போகிறது என்றும் நேர்காணலில் கேட்பார்கள். அதற்கும் ஒரு எண்ணைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், தாளில் எழுத வேண்டியதில்லை.

---

பென்னாகரத்தான் | 9 மார்ச், இரவு 8:30

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு இதில் வழி தெரியவில்லை. நான் ஆட்டோமேஷன் தெரியாத, கையால் மட்டும் சோதிப்பவன். ஒப்பந்தத்தில் இருந்த இடத்தில் போன நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். அன்று மாலையே கணக்கை மூடிவிட்டதால் ஜிராவும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை. மருந்துக்கடைகளுக்கான பில் மென்பொருளில் இரண்டரை ஆண்டுகள் வேலை பார்த்தேன். நல்ல பக்குகளைப் பிடித்திருக்கிறேன். ஒரே பில்லை இரண்டு கவுன்டரில் ஒரே நேரத்தில் ரிட்டர்ன் போட்டால் இருப்பு இரண்டு முறை கூடுவதை நான்தான் கண்டுபிடித்தேன். ஆனால் எத்தனை கடைகள், எத்தனை பில்கள் என்று இப்போது எங்கே போய் எண்ணுவது? நினைவிலிருந்து எழுதலாமா?

---

தொப்பூர்_வளைவு | 9 மார்ச், இரவு 9:00

எழுதுங்கள். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? முந்தைய நிறுவனத்தில் கேட்டாலும் வேலை செய்த தேதிகளைத்தான் சொல்வார்கள், பக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள்.

---

அரூர்க்காரி | 9 மார்ச், இரவு 9:50

சரிபார்க்க மாட்டார்கள் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் "எப்படி எண்ணினீர்கள்?" என்று கேட்பார்கள். நினைவில் இருக்கும் எண்ணுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது.

பென்னாகரத்துத் தம்பி, உங்கள் பக்குக்கு எண்ணே தேவையில்லை. இரண்டு கவுன்டர், ஒரே பில், இருப்பு இரண்டு முறை கூடுகிறது என்பதை எழுதினாலே மருந்துக்கடை மென்பொருள் தெரிந்தவர் நிமிர்ந்து உட்காருவார். அதை நீங்கள் எப்படிப் பிடித்தீர்கள்? ரிலீஸுக்கு முன்னா, பின்னா? யாராவது சொல்லித்தான் சோதித்தீர்களா?

---

பென்னாகரத்தான் | 9 மார்ச், இரவு 10:10

யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் என் மாமா மருந்துக்கடை வைத்திருக்கிறார். கூட்டமான நேரத்தில் அங்கே இரண்டு பேர் பில் போடுவார்கள். அதைப் பார்த்திருந்ததால், அலுவலகத்தில் இரண்டு உலாவிகளைத் திறந்து வைத்து ஒரே நொடியில் அழுத்திப் பார்த்தேன். ரிலீஸுக்கு முன்பே பிடித்தேன். அதன் பின் ஒவ்வொரு ரிலீஸிலும் இரண்டு கவுன்டர் சோதனையைச் சேர்த்தார்கள்.

---

அரூர்க்காரி | 9 மார்ச், இரவு 10:20

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நீங்கள் கண்டது அந்தக் குழுவின் நிரந்தர வழக்கமாக மாறியிருக்கிறது. "மருந்துக்கடை பில் மென்பொருளில், இரண்டு கவுன்டர்கள் ஒரே பில்லைத் திருப்பும்போது இருப்பு இரட்டிப்பாவதை ரிலீஸுக்கு முன் கண்டேன், அந்தச் சோதனை பிறகு ஒவ்வொரு ரிலீஸிலும் சேர்க்கப்பட்டது." ஒரு எண்கூட இல்லை, ஆனால் நான் உங்களை அழைத்துப் பேசுவேன்.

---

தொப்பூர்_வளைவு | 9 மார்ச், இரவு 10:35

நீங்கள் அழைப்பீர்கள் அக்கா. ஆனால் எண் இல்லாத தாளை உங்களிடம் கொண்டுவருவதற்கு முன்பே ஆள் தேடும் அலுவலகத்தில் ஒதுக்கிவிடுவார்கள். நான் அங்கே இருந்தவன், ஒதுக்கியும் இருக்கிறேன். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.

---

மாரண்டஹள்ளி_பயணி | 10 மார்ச், இரவு 9:05

இன்று பார்த்தேன். 31-ஆம் தேதிக் கணக்குகள் 96. சம்மரியை இப்படி மாற்றியிருக்கிறேன், தமிழில் தருகிறேன்:

"வாகனக் கடன் தவணை மென்பொருளில் ஐந்து ஆண்டு சோதனை அனுபவம். இரண்டு வார ரிலீஸுக்குத் தடையாக இருந்த ரிக்ரஷன் நேரத்தை, 420-இல் 260 டெஸ்ட் கேஸ்களை ஆட்டோமேஷனுக்கு மாற்றி, மூன்று நாளிலிருந்து ஒன்றரை நாளாக்கினேன். மாதக்கடைசித் தவணைகளுக்கான சோதனைத் தரவைச் சேர்த்து, 96 கணக்குகளுக்குத் தவறான அபராதம் விழவிருந்த தேதிப் பிழையை ரிலீஸுக்கு முன் பிடித்தேன். அந்தத் தரவு சேர்ந்தபின், தவணை தொடர்பாகப் புரொடக்ஷனுக்குப் போன கடுமையான பக்குகள் அரையாண்டில் 5 என்பதிலிருந்து 1 ஆகின."

செலினியமும் ஜென்கின்ஸும் கீழே திறன்கள் பகுதிக்குப் போய்விட்டன. தொப்பூர் அண்ணனுக்காக நான்கு பெயர்களை அங்கே கூட்டியிருக்கிறேன்.

---

நிரலாளன்_ஓசூர் | 10 மார்ச், இரவு 9:30

"96 கணக்குகளுக்கு விழவிருந்த" என்பதில், அந்த 96 பேரும் கடைசி நாளில்தான் கட்டுவார்கள் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். முன்கூட்டியே கட்டுபவருக்கு அபராதம் விழாது. "தவணைத் தேதி தவறவிருந்த" என்று மாற்றுங்கள்.

---

மாரண்டஹள்ளி_பயணி | 10 மார்ச், இரவு 9:42

மாற்றிவிட்டேன் அண்ணா. நாளைக் காலை பேருந்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்புகிறேன்.